எந்தச் சப்ளையரின் சரக்கு எவ்வளவு? கடலூர் முதுநகர்க் கடை ஒன்றின் பிவட் கணக்கு

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் பக்கம் இருக்கிறது அந்த ஹார்டுவேர் கடை. பெயின்ட், பைப், எலக்ட்ரிக்கல் சாமான், ஆணி, போல்ட் என்று ஊரில் எல்லாக் கடையிலும் இருப்பது இங்கேயும் உண்டு. அதோடு கயிறு, சங்கிலி, படகுப் பெயின்ட் என்று மீனவர்களுக்கான சாமான்களும் உண்டு. பல கடைகளுக்கு நான் கணக்கு பார்க்கிறேன். இந்தக் கடைக்கும் வருஷக் கடைசி ஸ்டாக் கணக்கை முடித்துக் கொடுக்க ஏப்ரல் முதல் வாரம் போயிருந்தேன்.

பில்லிங் சாப்ட்வேரிலிருந்து மார்ச் 31 இருப்பை எக்ஸெலில் எடுத்து வைத்திருந்தார்கள். மொத்தம் 3,842 வரிகள். பொருள், வகை, சப்ளையர், அளவு, விலை என்று ஐந்து பத்திகள். கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் பெண், வரிகளை வகைவாரியாகத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள் ஒன்றையும் தானாகவே போட்டுப் பார்த்திருந்தாள். அதன் கடைசி வரியில் நின்ற மொத்தம் 8,964 கோடி ரூபாய்.

“சார், எல்லாம் சரியாத்தான் இழுத்துப் போட்டேன். எங்க தப்புன்னு தெரியல” என்றாள்.

கடைக்காரருக்கு வேண்டியது இரண்டு விவரம். எந்த வகைச் சரக்கில் எவ்வளவு பணம் நிற்கிறது, எந்தச் சப்ளையரின் சரக்கு எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது. இரண்டாவது விவரம் அவருக்கு அவசரம். வங்கியில் ரொக்கக் கடன் கணக்கு இருக்கிறது. பணம் கொடுத்துத் தீர்க்காத சரக்கைக் கழித்துவிட்டு, மீதியிலும் ஒரு மார்ஜினைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கும் வரம்பை வங்கி கணக்கிடும். அதோடு விற்காத சரக்கைத் திருப்பி அனுப்ப யாரிடம் பேசலாம் என்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும்.

முதலில் அந்த எட்டாயிரம் கோடிக்கு வருகிறேன். ஷீட்டில் மதிப்பு என்று ஒரு பத்தி இல்லை. அளவும் விலையும் மட்டும்தான். அதனால் அவள் பிவட்டுக்கு உள்ளேயே Calculated Field என்ற இடத்தில் `=Qty*Rate` என்று எழுதியிருந்தாள். பார்த்தால் சரியான சூத்திரம்தான். ஆனால் பிவட் அதை வரி வரியாகப் பெருக்கிக் கூட்டுவதில்லை. முதலில் அளவுகளை எல்லாம் கூட்டும், விலைகளை எல்லாம் கூட்டும், பிறகு அந்த இரண்டு கூட்டுத்தொகையையும் பெருக்கும். அந்தக் கடையில் அளவுகளின் கூட்டுத்தொகை 61,400. விலைகளின் கூட்டுத்தொகை 14,60,000. இரண்டையும் பெருக்கினால் அந்த எட்டாயிரத்துச் சொச்சம் கோடி வந்துவிடும்.

ஒரே சப்ளையர் கொடுத்த மூன்று கயிறுகளை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

| பொருள் | சுருள் | விலை ரூ. | மதிப்பு ரூ. |
|---|---|---|---|
| 8 மி.மீ. கயிறு | 12 | 950 | 11,400 |
| 12 மி.மீ. கயிறு | 5 | 2,100 | 10,500 |
| 16 மி.மீ. கயிறு | 2 | 3,600 | 7,200 |

உண்மையான மதிப்பு 29,100 ரூபாய். பிவட்டின் உள்சூத்திரம் காட்டுவதோ 19 பெருக்கல் 6,650, அதாவது 1,26,350 ரூபாய். மொத்த வரியில் வரும் தப்பு பெரிதாக இருப்பதால் யார் கண்ணிலும் பட்டுவிடும். நான் பயப்படுவது சின்னக் கட்டங்களுக்குத்தான். ஒரு சப்ளையருக்கு ஒரு வகையில் ஒரே ஒரு பொருள் இருந்தால் அந்தக் கட்டத்தில் விடை சரியாகவே வரும். இரண்டே பொருள் இருந்தால் நம்பும்படியான ஒரு தொகை வரும். அப்படி நாலைந்து கட்டங்களைச் சரிபார்த்துத் திருப்தியாகி, மற்றதையும் நம்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெருக்கல் ஷீட்டிலேயே, ஒவ்வொரு வரியிலும் நடக்க வேண்டும். ஷீட்டைத் தேர்ந்தெடுத்து `Ctrl+T` அழுத்தி டேபிள் ஆக்கினேன். அதற்கு Stock என்று பெயர் வைத்து, Value என்ற புதுப் பத்தியில் இதை எழுதினேன்:

```
=[@Qty]*[@Rate]
```

டேபிள் ஆக்கியதில் இன்னொரு லாபமும் உண்டு. பின்னால் வரிகள் சேர்ந்தால் பிவட்டின் எல்லையும் தானே நீளும். ஆனாலும் பொதுவாக Refresh கொடுக்கும்வரை பிவட் பழைய எண்ணையேதான் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

மதிப்புப் பத்தி வந்தவுடன் ஆறு வரிகளில் `#VALUE!` என்று நின்றது. போய்ப் பார்த்தால் அளவுக் கட்டத்தில் “12 nos” என்று எழுத்தும் சேர்ந்து கிடந்தது. இப்படி ஒரு வரி இருந்தாலே பிவட்டில் அந்த வகையின் கூட்டலும் மொத்தமும் பிழையாகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற பிழை என்பதால் இதில் ஆபத்து குறைவு. ஆறையும் திருத்தினேன்.

தெரியாமல் ஒளிந்திருந்தவை வேறு 27 வரிகள். அங்கே அளவு வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. ஆனால் எக்ஸெல் அதை எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. பெருக்கும்போது அதை எண்ணாக்கிக்கொள்ளும், கூட்டும்போது விட்டுவிடும். பிவட்டில் அளவைக் கூட்டினால் இந்த வரிகளுக்குச் சுழியம்தான். இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் இரண்டு சூத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன்:

```
=SUM(Stock[Value])
=SUMPRODUCT(Stock[Qty],Stock[Rate])
```

இரண்டாவது சூத்திரம், இடையில் காற்புள்ளி இருப்பதால், எழுத்தாக இருப்பதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டும் ஒன்றாக வந்தால் எழுத்தாக மாறிய எண் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே 1,14,250 ரூபாய் வித்தியாசம் வந்தது. அந்த 27 வரிகளையும் எண்ணாக மாற்றியதும் இரண்டும் 83,35,600 ரூபாயில் ஒன்றாக நின்றன. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துக்கொண்டேன். இனிமேல் பெயர்களை மட்டும்தான் திருத்தப் போகிறேன். பெயரைத் திருத்தும்போது மொத்தம் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. மாறினால் ஏதோ ஒரு வரியை எங்கோ தொலைத்துவிட்டேன் என்று பொருள்.

வகைகளில் அதிக வேலை இல்லை. 31 பெயர்கள் இருந்தன. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை பிவட் கண்டுகொள்ளாது. ஆனால் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருந்தால் அதைத் தனி வகையாகவே எடுத்துக்கொள்ளும். சாப்ட்வேரிலிருந்து வரும் இடைவெளி சில நேரம் சாதாரண இடைவெளியாகவும் இருக்காது. `TRIM`-ஆல் மட்டும் அதை நீக்க முடியாது. அதனால் இப்படி எழுதினேன்:

```
=TRIM(SUBSTITUTE([@Category],CHAR(160)," "))
```

17 பெயர்கள் மிஞ்சின. அவற்றைக் கடைக்காரரோடு உட்கார்ந்து ஐந்து வகையாகச் சேர்த்தோம்: பெயின்ட், பைப், படகுச் சாமான், எலக்ட்ரிக்கல், ஆணி-போல்ட்-கைக்கருவி. படகுக்கு அடிக்கும் பெயின்டை எதில் வைப்பது என்று கொஞ்சம் பேச்சு நடந்தது. “அது படகுக்காரன் மட்டும் வாங்குறது தம்பி, படகுச் சாமான்ல போடு” என்றார். விற்கிறவர் சொல்வதுதான் வகை என்று அப்படியே போட்டேன்.

சப்ளையர் பெயர்தான் மெனக்கெட வைத்தது. ஷீட்டில் 58 பெயர்கள். உண்மையில் சரக்கு போடுகிறவர்கள் 23 பேர். பாதி வித்தியாசம் எழுத்துக்கூட்டலில். மீதி வித்தியாசம் நம் ஊரின் அமைப்பால் வருவது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. மொத்த வியாபாரிகள் சிலருக்கு இரண்டு ஊரிலும் கிளை இருக்கிறது. ஆனால் அது வேறு மாநிலக் கணக்கு. கடலூர்க் கிளையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரிக் கிளையின் எண் 34 என்று தொடங்கும். இருப்பு எங்கே அதிகமோ அங்கேயிருந்து வண்டி வரும். பில்லில் பெயரும் கொஞ்சம் மாறி வரும். பில் போடுகிறவர் அதை அப்படியே ஏற்றிவிடுவார்.

எழுத்துக்கூட்டலைக் கண்ணால் பார்த்துச் சேர்ப்பதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டும் மாநிலம். அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். மாநிலம் மாறினாலும் பான் மாறாது. கொள்முதல் பதிவேட்டில் பெரும்பாலான பெயர்களுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தது. அதை `XLOOKUP` போட்டு ஷீட்டுக்குக் கொண்டுவந்து, SupKey என்ற பத்தியில் இதை எழுதினேன்:

```
=IF(LEN([@GSTIN])=15, MID([@GSTIN],3,10), [@Supplier])
```

ஜிஎஸ்டி எண் இல்லாத சின்ன ஆட்களும் உண்டு. கொக்கியும் வளையமும் அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர் அப்படிப்பட்டவர். அவர்களுக்கு அவர்கள் பெயரே நிற்கும்.

பிவட்டில் Rows பகுதியில் SupKey, Columns பகுதியில் வகை, Values பகுதியில் மதிப்பு என்று வைத்தேன். வகைகள் ஐந்துதான் என்பதால் அவை மேலே கிடைமட்டமாகப் போவது நல்லது. 23 சப்ளையர்களை அங்கே வைத்தால் தாள் அகலத்துக்கு அடங்காது. மொத்தம் 83,35,600, தாளில் எழுதிய அதே எண்.

பழைய பெயர்களின்படி பார்த்தபோது முதலிடத்தில் இருந்தவர் 7,30,000 ரூபாய்ச் சரக்குக்காரர். பான்படி சேர்த்ததும் அவர் இரண்டாம் இடத்துக்குப் போனார். ஐந்து பெயர்களில் சிதறிக் கிடந்த ஒரு பெயின்ட்-பைப் வியாபாரி மேலே வந்தார். 3,12,000, 2,46,000, 1,94,000, 1,35,000, 58,000 என்று கிடந்த துண்டுகள் சேர்ந்து 9,45,000 ஆகின. கடைக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இவர்கிட்ட நாலு லட்சத்துக்குள்ளதான் நிக்குதுன்னு நெனச்சேன்” என்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரே ஆள் இரண்டு பெயரில் கடை நடத்தினாலும் பான் ஒன்றுதான், அதனால் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். பணம் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று பார்க்க அது சரி. சரக்கைத் திருப்பும்போது சரியில்லை. எந்த ஜிஎஸ்டி எண்ணிலிருந்து பில் வந்ததோ அந்த எண்ணிலிருந்துதான் கிரெடிட் நோட்டும் வர வேண்டும். அதனால் Rows பகுதியில் SupKey-க்குக் கீழே GSTIN-ஐயும் போட்டு, வேண்டும்போது விரித்துப் பார்க்கும்படி வைத்தேன்.

அடுத்து மைனஸ் இருப்பு. பிவட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு கட்டத்தில் 50,000 ரூபாய்ச் சரக்கும் மைனஸ் 8,000 ரூபாய்ச் சரக்கும் இருந்தால் பிவட் அமைதியாக 42,000 என்று காட்டும். அலமாரியில் மைனஸ் சரக்கு என்று ஒன்று இருக்க முடியாதே. இதற்காக ஷீட்டில் இன்னொரு பத்தி சேர்த்தேன்:

```
=MIN([@Value],0)
```

இதையும் Values பகுதியில் போட்டால் எந்தச் சப்ளையரின் கீழ் எவ்வளவு மைனஸ் என்று தனியாகத் தெரியும். 41 வரிகள், மொத்தம் மைனஸ் 1,86,400. தொகை உள்ள கட்டத்தை இருமுறை சொடுக்கினால் அதற்குப் பின்னாலுள்ள வரிகள் மட்டும் ஒரு புது ஷீட்டில் வந்து விழும். அந்த வரிகளைப் பார்த்தபோது பெரும்பாலானவை புதுச்சேரியிலிருந்து மார்ச் கடைசியில் வந்த வண்டிச் சரக்கு. சரக்கு வந்து விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள், கொள்முதல் பில்லை மட்டும் இன்னும் ஏற்றவில்லை. இந்த வரிகளை அழித்துவிடுவது சுலபம். அழித்தால் மிச்சமிருக்கும் சரக்கும் கணக்கில் வராமல் போகும். பில்களை ஏற்றி, அந்த 41 பொருள்களையும் கையால் எண்ணிப் பார்த்தோம். 62,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது. ஆக மைனஸ் நீங்கியதில் 1,86,400, எண்ணியதில் 62,000 என்று கூடி, மொத்தம் 85,84,000 ரூபாய் ஆயிற்று.

பில்களை ஏற்றும்போது இன்னொன்றும் பார்த்தோம். புதுச்சேரி பில்லில் ஐஜிஎஸ்டி சேர்ந்த விலையை விலைப் பத்தியில் போடக் கூடாது. வரியைக் கடை திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதால் சரக்கின் மதிப்பில் அது சேராது. ஒரே பொருள் கடலூர் பில்லில் ஒரு விலை, புதுச்சேரி பில்லில் 18 சதவீதம் கூடுதல் என்று இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே நல்லவேளையாக இல்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் இந்த வேலையின் கஷ்டமான கேள்வி வந்தது. ஷீட்டில் ஒரு பொருளுக்கு ஒரு சப்ளையர் பெயர்தான் இருக்கிறது. சாப்ட்வேர் அங்கே கடைசியாக யாரிடம் வாங்கினோமோ அவர் பெயரை வைக்கிறது. ஒரே பொருளை இரண்டு பேரிடம் வாங்கினால், முழுச் சரக்கும் ஒருவர் தலையில் ஏறிவிடும். பிவட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் இது சரியாகாது. மூலத்தில் இல்லாத விவரத்தை அது காட்ட முடியாது.

அப்படி எத்தனை பொருள் என்று தெரிந்துகொள்ள வருஷத்துக் கொள்முதல் பதிவேட்டில் தனியாக ஒரு பிவட் போட்டேன். அதைப் போடும்போது Add this data to the Data Model என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் Distinct Count என்ற கணக்கு கிடைக்கும். Rows பகுதியில் பொருள், Values பகுதியில் SupKey-இன் Distinct Count. இரண்டும் அதற்கு மேலும் வந்த பொருள்கள் 612. சாதாரண Count போட்டிருந்தால் ஒரே ஆளிடம் மூன்று முறை வாங்கியதும் மூன்று என்றே வந்திருக்கும்.

அவற்றில் ஒன்றை முழுதாகப் பார்த்தோம். 20 லிட்டர் பிரைமர் வாளி. மார்ச் 31 இருப்பு 34 வாளி. ஜனவரி 10-இல் முதல் சப்ளையரிடம் 30 வாளி, 2,400 ரூபாய் விலையில். பிப்ரவரி 22-இல் இரண்டாமவரிடம் 20 வாளி, 2,460 விலையில். மார்ச் 18-இல் மறுபடி முதல் ஆளிடம் 12 வாளி, 2,500 விலையில். பழையது முதலில் விற்கும் என்று எடுத்துக்கொண்டால், கையில் இருக்கும் 34-ஐக் கடைசிக் கொள்முதலிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மார்ச்சின் 12, பிப்ரவரியின் 20, ஜனவரியின் 2. மதிப்பு 30,000 + 49,200 + 4,800, ஆக 84,000. ஷீட்டோ 34 வாளியையும் முதல் ஆளின் பெயரில், கடைசி விலையில் 85,000 என்று வைத்திருந்தது. மொத்தத்தில் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம், அதை வைத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சப்ளையர் வாரியாகப் பார்த்தால், இரண்டாமவரின் 49,200 ரூபாய்ச் சரக்கு கடையில் இல்லவே இல்லை என்று ஷீட் சொல்லிக்கொண்டிருந்தது.

612-க்கும் இப்படிப் பிரிப்பதற்கு நேரம் இல்லை. மதிப்பின்படி இறங்குவரிசையில் அடுக்கி, மேலே இருந்த 60 பொருள்களை மட்டும் கொள்முதல்வாரியாகப் பிரித்து, ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று வரிகளாக எழுதினேன். அந்தப் பிரிப்பில் விலை மாறிய அளவுக்கு மொத்தமும் கொஞ்சம் குறைந்தது, அதைத் தனிக் குறிப்பாக எழுதி வைத்தேன். மற்றவற்றுக்கு SupKey பத்தியில் “பல சப்ளையர்” என்றே போட்டேன். அறிக்கையில் அப்படி ஒரு வரி நிற்பது கொஞ்சம் உறுத்தும். தெரியாத ஒன்றை ஒருவர் பெயரில் எழுதுவதைவிட அது மேல் என்பது என் முடிவு.

வங்கிக்கும் சப்ளையருக்கும் அனுப்பும்போது பிவட்டை அப்படியே அனுப்பக் கூடாது. வேறு கோப்புக்கு நகலெடுத்தாலும் மூல வரிகள் அதனோடு கூடவே போகும். வாங்கியவர் ஒரு கட்டத்தை இருமுறை சொடுக்கினால் போட்டிச் சப்ளையரின் கொள்முதல் விலை அவர் கண்முன் வந்துவிடும். மதிப்புகளை மட்டும் ஒட்டி, அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னேன்.

வகைவாரி அறிக்கையில் படகுச் சாமான் 21 லட்சத்தைத் தாண்டி நின்றது. பெயின்டுக்கு அடுத்த இடம். கடைக்காரரின் மகன், படித்துவிட்டு இப்போதுதான் கடைக்கு வர ஆரம்பித்திருப்பவர், “இவ்ளோ பணம் கயித்துலயும் சங்கிலியிலயும் முடங்கிக் கெடக்கு, பாதியத் திருப்பிடலாம்பா” என்றார்.

“ஏப்ரல் பதினஞ்சுக்குத் தடைக்காலம் ஆரம்பிக்குதுடா. அறுபத்தோரு நாள் படகு கரையில நிக்கும். அப்பத்தான் எல்லாரும் பெயின்ட் அடிப்பான், கயிறு மாத்துவான். அதுக்காகத்தான் மார்ச்சுல எறக்கி வெச்சது” என்றார் அப்பா.

பிவட் காட்டியது ஒரே ஒரு நாளின் இருப்பு. அது தேங்கிய சரக்கா, விற்கக் காத்திருக்கும் சரக்கா என்று அதில் தெரியாது. இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, தடை முடியும் ஜூன் 14 அன்று இதே ஷீட்டை மறுபடி எடுப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு தேதியின் வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, AsOn என்று ஒரு தேதிப் பத்தி சேர்த்து, அதை Columns பகுதியில் போட்டால் போதும்.

ஜூனில் அந்தப் பெண்ணே அதைச் செய்து அனுப்பினாள். படகுச் சாமான் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரே ஒரு சப்ளையரின் வரி மட்டும் இரண்டு தேதியிலும் ஏறக்குறைய அப்படியே நின்றது. அவள் அந்தக் கட்டத்தை இருமுறை சொடுக்கி, பின்னாலிருந்த ஒன்பது வரிகளையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். எல்லாம் ஒரே தடிமன் சங்கிலி. அந்த ஒன்பது வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்காரர் சப்ளையரிடம் பேசினார்.